10,000, 20,000, காந்த பவர் பேங்க்: 5,000 எம்ஏஹெச் போனை எத்தனை முறை நிரப்பும்?

கடையில் மூன்று வகை கண்ணில் படும். சட்டைப்பைக்குள் போகும் 10,000 எம்ஏஹெச், அதன் இருமடங்கு கனத்தில் 20,000 எம்ஏஹெச், போனின் முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் 10,000 எம்ஏஹெச் வயர்லெஸ். கையில் இருப்பது 5,000 எம்ஏஹெச் போன் என்றால் பலரும் மனக்கணக்காக 2, 4, 2 என்று வகுத்துவிடுவார்கள். நடைமுறையில் கிடைப்பது ஏறக்குறைய 1.4, 2.8, 1. என் ஓட்டு முதலாவதற்கு, அதாவது வயர் போட்டுச் சார்ஜ் செய்யும் 10,000க்கு. ஆனால் அது போனை இரண்டு முறை முழுதாக நிரப்பும் என்று நம்பி வாங்கக்கூடாது.

பெட்டியில் அச்சிட்ட 10,000 பொய்யில்லை. அது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் கணக்கு. அந்தச் செல்லின் சராசரி அழுத்தம் 3.7 வோல்ட். யூஎஸ்பி வாயில் வெளியே வருவதோ குறைந்தது 5 வோல்ட். 3.7ஐ 5 ஆக உயர்த்த உள்ளே பூஸ்ட் கன்வர்ட்டர் என்ற சின்னச் சுற்று வேலை செய்கிறது. அழுத்தத்தைக் கூட்டினால் அதே அளவுக்கு மின்னோட்டம் குறைந்தே ஆகவேண்டும். அதனால் எம்ஏஹெச்சை விட்டுவிட்டு, மொத்த ஆற்றலைச் சொல்லும் வாட் அவரில் கணக்குப் போடுவதுதான் நேர்வழி. 10,000 எம்ஏஹெச், அதாவது 10 ஆம்பியர் அவரை 3.7ஆல் பெருக்கினால் 37 வாட் அவர். இதை 5 வோல்ட்டால் வகுத்தால் 7,400 எம்ஏஹெச். ஒரு சொட்டும் வீணாகாத கன்வர்ட்டர் இருந்தால்கூட 5 வோல்ட்டில் இதற்கு மேல் வராது.

வீணாகாமலும் இருக்காது. சார்ஜ் ஏறும்போது பவர் பேங்க்கின் ஒரு மூலை மட்டும் சுடுவதைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். கன்வர்ட்டரின் காயில் எனும் கம்பிச் சுருளும் ஸ்விட்சும் அங்கேதான் இருக்கின்றன, இழப்பு அந்தச் சூடாகத்தான் வெளியேறுகிறது. நல்ல தயாரிப்பில் செல்லில் இருப்பதில் 84 முதல் 88 சதவீதம் வரை வாய்க்கு வந்து சேரும். நம் கணக்குக்கு 31 வாட் அவர் என்று வைத்துக்கொள்வோம். 5 வோல்ட்டில் அது 6,200 எம்ஏஹெச்.

இனி போன் பக்கம். போன் பேட்டரியின் சராசரி அழுத்தம் இப்போது பெரும்பாலும் 3.87 வோல்ட்டை ஒட்டி இருக்கிறது. ஆகவே 5,000 எம்ஏஹெச் என்பது சுமார் 19.3 வாட் அவர். ஆனால் 19.3 கொடுத்தால் போதாது. பவர் பேங்க் சிரமப்பட்டு ஏற்றிய வோல்ட்டேஜை போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சுற்று திரும்பவும் இறக்குகிறது, அங்கே பத்தில் ஒரு பங்கு போகும். கேபிளிலும் கொஞ்சம் தங்கும். சார்ஜ் ஏறும் நேரத்தில் போன் தன் நெட்வொர்க்குக்கும் பின்னணி வேலைகளுக்கும் எடுத்துக்கொள்வதும் உண்டு. எல்லாம் சேர்த்தால் பூஜ்யத்திலிருந்து நூறு வரை நிரப்ப பவர் பேங்க்கின் வாயிலிருந்து சுமார் 22 வாட் அவர் தேவை. 31ஐ 22ஆல் வகுத்தால் 1.4. ஒரு முழு சார்ஜ், அதற்கு மேல் நாற்பது சதவீதம். செல்லில் இருந்த 37இல் போன் பேட்டரிக்குள் போய்ச் சேர்ந்தது 27தான்.

கேபிளை அற்பமாக எண்ணவேண்டாம். மெலிந்த நீளக் கேபிளில் போக வர 0.2 ஓம் தடை இருந்தால், 5 வோல்ட் 2 ஆம்பியரில் 0.4 வோல்ட் அங்கேயே விழும். நூற்றுக்கு எட்டு போய்விட்டது. அதே கேபிளில் 9 வோல்ட்டில் 15 வாட் அனுப்பினால் மின்னோட்டம் 1.67 ஆம்பியராகக் குறையும், இழப்பும் நான்கு சதவீதத்துக்குள் அடங்கும். பாஸ்ட் சார்ஜிங்கில் கன்வர்ட்டர் 3.7ஐ 9 வரை தூக்கவேண்டியிருப்பதால் அங்கே சூடு கொஞ்சம் கூடும், கேபிளில் அது ஈடாகும். ஆகவே மெதுவாகச் சார்ஜ் செய்தால் நிறைய முறை வரும் என்று காத்திருப்பதில் பெரிய லாபமில்லை. அரை மீட்டருக்கு மிகாத தடித்த கேபிள் ஒன்று வைத்துக்கொள்வதில் நிச்சயம் லாபம் உண்டு.

20,000ஐப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாம் இரட்டிப்பு. 74 வாட் அவர் செல், வாயில் 62 அளவுக்கு, 22ஆல் வகுத்தால் 2.8. மூன்று நாள் ரயில் பயணம், வீட்டில் இரண்டு மூன்று போன்கள், அல்லது 7,000 எம்ஏஹெச் போன் என்றால் இதுதான் சரி. 7,000 போனுக்கு 10,000 பவர் பேங்க் ஒரே ஒரு சார்ஜ்தான் கொடுக்கும். விலையாகத் தருவது கனமும் காத்திருப்பும். எடை பெரும்பாலும் 350 கிராமை ஒட்டி இருக்கும், சட்டைப்பை தாங்காது. நிரப்புவதற்கு 10 வாட் அடாப்டர் போட்டால் எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும், இரவு முழுக்கச் செருகி வைத்தால்தான் காலைக்குத் தயார். 18 வாட் உள்ளீடு இருக்கும் ரகத்தை மட்டுமே பார்க்கவும். விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோக வரம்பு 100 வாட் அவர், அதற்குள் இது அடங்கும். கைப்பையில்தான் வைக்கவேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது.

காந்த வகைதான் கணக்கில் அதிகம் ஏமாற்றுகிறது. 37 வாட் அவர் செல்லில் முதலில் கன்வர்ட்டர் இழப்பு, பிறகு ஒரு காயிலிலிருந்து இன்னொரு காயிலுக்குக் காற்றைத் தாண்டும் இழப்பு, பிறகு போனுக்குள் இன்னொரு முறை மாற்றும் இழப்பு. வயரில் செல்லிலிருந்து பேட்டரிக்கு 73 சதவீதம் போய்ச் சேர்ந்தது என்றால் இங்கே 50, 55ஐத் தாண்டுவது கடினம். விளைவு, 5,000 போனுக்கு ஒரு சார்ஜ், சில சமயம் அதற்கும் குறைவு. காயில்கள் நேருக்கு நேர் அமைந்திருக்கிறதா, இடையில் தடித்த உறை இருக்கிறதா என்பதைப் பொறுத்து இந்த எண் ரகத்துக்கு ரகம் மாறும். இழந்ததெல்லாம் சூடாகப் போனின் முதுகிலேயே ஏறுகிறது. சூடு கூடினால் போன் தானாகச் சார்ஜைக் குறைத்துக்கொள்ளும், நேரம் இழுக்கும், அந்த நேரத்தில் போனின் சொந்தச் செலவும் கூடும். இத்தகைய பவர் பேங்க்குகளில் பெரும்பாலும் கேபிள் வாயும் இருக்கும். அதில் வயர் போட்டால் அதே செல் 1.4 கொடுக்கும்.

வாங்கும்போது எதைப் பார்த்து முடிவெடுப்பது? என்னைக் கேட்டால் ஒரே ஒரு வரி. பவர் பேங்க்கின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். பெட்டியின் முகப்பில் இருக்கும் 10,000 செல்லின் கொள்ளளவு, இந்த எண் வாயில் வந்து சேரும் அளவு. பக்கத்தில் எந்த வோல்ட்டில், எத்தனை ஆம்பியரில் அளந்தது என்றும் போட்டிருப்பார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். ஒன்றில் 5 வோல்ட்டில் 5,500 என்றிருந்தால் 27.5 வாட் அவர், உங்கள் போனுக்கு 1.25 முறை. இன்னொன்றில் 6,500 என்றிருந்தால் 32.5 வாட் அவர், கிட்டத்தட்ட ஒன்றரை முறை. முகப்பில் இரண்டும் ஒரே 10,000தான், ஆனால் வித்தியாசம் போனில் கால் பங்கு. ஒருவர் 1 ஆம்பியரில் அளந்த எண்ணை மற்றவர் 3 ஆம்பியரில் அளந்த எண்ணோடு ஒப்பிட்டால் முதலாமவர் சற்று உயர்ந்து தெரிவார், ஏனென்றால் மின்னோட்டம் குறைந்தால் இழப்பும் குறையும். அந்த வரி இல்லாமல் வாட் அவர் மட்டும் இருந்தால் 0.85ஆல் பெருக்கிக்கொள்ளலாம். இரண்டுமே இல்லாத பொருளை வாங்கவேண்டாம். இந்தியாவில் விற்கும் பவர் பேங்க்குக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம், ஆகவே அந்த முத்திரையையும் பதிவு எண்ணையும் அதே அடிப்பக்கத்தில் தேடுங்கள்.

எண்களையே பொய்யாக அச்சிட்டிருந்தால் தராசு காட்டிக்கொடுக்கும். பழைய உருளைச் செல்லான 18650 ஒன்று 45 கிராமுக்கு மேல் இருக்கும், நல்ல தரத்தில் 3,500 எம்ஏஹெச்சை ஒட்டித்தான் தரும். 20,000க்கு ஆறு செல் வேண்டும், செல் மட்டுமே 270 கிராம். தட்டைச் செல்லிலும் 37 வாட் அவருக்குச் சுமார் 150 கிராம் வரும். அப்படியிருக்க 150 கிராம் பவர் பேங்க்கில் 20,000 என்று எழுதியிருந்தால், உள்ளே அவ்வளவு இருக்க வழியே இல்லை.

சந்தேகம் தீராதவர்களுக்கு யூஎஸ்பி மீட்டர் இருக்கிறது. பவர் பேங்க்கை முழுதாக நிரப்பி, மீட்டரைப் பூஜ்யமாக்கி இடையில் செருகி, பவர் பேங்க் தானாக அணையும் வரை ஓடவிடவேண்டும். ஒரு போன் பாதியில் நிறைந்துவிடும் என்பதால் இன்னொரு போன் தயாராக இருக்கவேண்டும். படிக்கவேண்டியது வாட் அவர் எண்ணை மட்டும். பாஸ்ட் சார்ஜிங்கில் 9 வோல்ட் போகும்போது அதே 31 வாட் அவருக்கு மீட்டர் 3,400 எம்ஏஹெச்தான் காட்டும், அதைப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று நல்ல பவர் பேங்க்கைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

1.4ஐ வைத்துக்கொண்டும் நான் 10,000 பக்கம் நிற்பதற்குக் காரணம், வெளியே போனால் யாரும் பூஜ்யத்திலிருந்து நூறுக்கு ஏற்றுவதில்லை. 20இல் செருகி 80இல் எடுத்தால் ஒரு தடவைக்கு 13 வாட் அவர் போதும், 31இல் அது இரண்டு தடவை வந்து மிச்சமும் நிற்கும். கடைசி 20 சதவீதத்தில் போன் மின்னோட்டத்தைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்துக்கொள்ளும். அப்போது கன்வர்ட்டர் தன்னை ஓட்டிக்கொள்ளவே எடுக்கும் செலவு, கொடுக்கும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் பெரிதாகிவிடும், திரையும் எரிந்துகொண்டிருந்தால் ஏறுவதில் பாதி அங்கேயே கரைந்துவிடும். ஏறும்போது திரையை அணைத்துவிட்டு, 80 வந்ததும் வயரை உருவிவிடவேண்டும்.