பெயரில் பத்து வருஷம், உள்ளே ஏழு: அரசுப் பத்திர பியூச்சர்ஸ் பயன்பாட்டு அனுபவம்

கடன் பத்திரத் தொகுப்பு ஒன்றின் வட்டி அபாயத்தைக் கட்டுக்குள் வைக்க, அரசுப் பத்திர பியூச்சர்ஸைப் பல வருஷங்களாகப் பயன்படுத்துகிறேன். பத்திரத்தையே விற்று வாங்குவதைவிடச் செலவு குறைவு, ஆர்டர் சட்டென்று நிறைவேறும், மார்ஜின் தவிரப் பெரிதாகப் பணம் முடங்காது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திரையில் ஓடும் விலை எந்தப் பத்திரத்தைப் பின்தொடர்கிறது என்று பார்க்காமல் இதைத் தொடக் கூடாது.

இந்த ஒப்பந்தத்தில் டெலிவரிக்கு ஒரே பத்திரம் என்று கிடையாது. விதிக்குள் வரும் பத்திரங்களில் எதையும் கொடுக்கலாம், தேர்வு செய்யும் உரிமை விற்றவருக்குத்தான். அவர் தனக்கு எது மலிவோ அதைத்தான் கொடுப்பார். அதுதான் 'சீப்பஸ்ட் டு டெலிவர்', சுருக்கமாக சிடிடி. பியூச்சர்ஸ் விலையும் அதை ஒட்டியே நகரும்.

வெவ்வேறு பத்திரங்களைச் சமன்படுத்தக் கன்வெர்ஷன் ஃபேக்டர் இருக்கிறது. ஒப்பந்தத்தின் கற்பனைக் கூப்பன் 6% என்றால், பத்திரத்தின் ஈல்டும் 6% ஆக இருந்தால் 1 ரூபாய் முகமதிப்புக்கு என்ன விலை வருமோ, அதுதான் ஃபேக்டர். நிஜ ஈல்டு 6% இல்லாதபோது இந்தச் சமன் சாய்ந்துவிடும். சிடிடி பிறப்பதே அந்தச் சாய்வில்தான்.

பெயரில் '10 வருஷம்' என்றிருந்தாலும், 7 முதல் 10 வருஷம் வரை மீதமுள்ள பத்திரங்களை ஏற்கும் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பத்திரங்கள், இரண்டுக்கும் கூப்பன் 4%, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி. 7 வருஷப் பத்திரத்தின் ஃபேக்டர் 0.8870, 10 வருஷத்துக்கு 0.8512. சந்தை ஈல்டு 4% என்றால் இரண்டின் விலையும் 100. டெலிவரியில் விற்றவருக்குக் கிடைப்பது பியூச்சர்ஸ் விலையை ஃபேக்டரால் பெருக்கிய தொகை, அதனால் மலிவு எது என்று பார்க்கப் பத்திர விலையை ஃபேக்டரால் வகுக்க வேண்டும். வகுத்தால் 112.74, 117.48. ஆக 7 வருஷம்தான் மலிவு. ஈல்டு 8% ஆனால் விலைகள் 78.87, 72.82. வகுத்தால் 88.92, 85.55. இப்போது 10 வருஷம் மலிவு. ஈல்டு 6%க்குக் கீழே இருந்தால் குறுகியதும், மேலே போனால் நீண்டதும் சிடிடி ஆகும் என்பது பொது விதி.

இது ஏட்டுக் கணக்கு இல்லை என்பது ஹெட்ஜ் செய்யும்போது தெரியும். கையில் 1 கோடி முகமதிப்புள்ள அந்த 10 வருஷப் பத்திரம் இருக்கிறது, ஈல்டு 4%. ஈல்டு 0.01% ஏறினால் சுமார் 8,176 நஷ்டம். ஒரு ஒப்பந்தம் 1 லட்சம் முகமதிப்பு என்றால், 100 ஒப்பந்தத்தை 0.8512 ஆல் பெருக்கி 85 விற்றால் போதும் என்று தோன்றும். அந்தக் கணக்கு, சிடிடியே 10 வருஷப் பத்திரமாக இருந்தால்தான் சரி. இங்கே பியூச்சர்ஸ் 7 வருஷப் பத்திரத்தோடு நகர்கிறது. அதன் 1 லட்சத்துக்கு 0.01% அசைவின் மதிப்பு 60.5, அதை 0.8870 ஆல் வகுத்தால் ஒரு ஒப்பந்தத்துக்கு 68.2. எனவே 120 ஒப்பந்தம் வேண்டும். 85 மட்டும் விற்றவருக்கு அபாயத்தில் ஏறத்தாழ 71% தான் மூடியிருக்கும். பெயரில் '10 வருஷம்' என்றிருப்பதை நம்பினால் வரும் வினை இது.

அதோடு, 120 என்ற எண்ணும் நிலையானதல்ல. எனக்கு இதில் பிடிக்காத விஷயமே அதுதான். ஈல்டு 6%ஐ நெருங்கும்போது சிடிடி குறுகியதிலிருந்து நீண்டதற்குத் தாவலாம், அப்போது பியூச்சர்ஸ் விலை முன்பைவிட வேகமாக விழ ஆரம்பிக்கும். விலை ஏறும்போது மெதுவாக ஏறும், இறங்கும்போது வேகமாக இறங்கும். வாங்கியவருக்கு இது தொல்லை, விற்றவருக்கு இலவசம் மாதிரி தெரியும் வசதி. உண்மையில் இலவசம் இல்லை, பியூச்சர்ஸ் விலை அந்த அளவுக்குத் தாழ்ந்தேதான் இருக்கும்.

தாவல் சரியாக 6%இல்தான் நடக்கும் என்பதும் இல்லை. 7 வருஷ ஈல்டு 5.5%, 10 வருஷத்தினுடையது 5.65% என்றால், வகுத்த விலைகள் சுமார் 103.0, 102.8. அதாவது அப்போதே நீண்டது சிடிடி ஆகிவிட்டது. அதனால் ஈல்டு மட்டத்தை மட்டும் பார்க்காமல், முதல் மலிவுக்கும் இரண்டாம் மலிவுக்கும் உள்ள இடைவெளியைத் தினமும் பார்ப்பேன். அது சுருங்கினால் ஒப்பந்த எண்ணிக்கையைத் திரும்பக் கணக்கிட வேண்டிய நேரம். பத்திரத்தை இன்று வாங்கி, பியூச்சர்ஸை விற்று, டெலிவரி கொடுத்தால் இடையில் வரும் கூப்பனும் சேர்த்துக் கிடைக்கும் வருமான விகிதமான இம்ப்ளைட் ரெப்போவில் ஒப்பிடுவதுதான் துல்லியம். மேலே செய்த வகுத்தல் டெலிவரி நாளுக்குத்தான் கச்சிதம், முன்கூட்டிப் பார்க்க ஓரளவு உதவும்.

அப்புறம் ரோல். அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு மாறும்போது, குறுகிய பத்திரம் 7 வருஷ வரம்புக்குக் கீழே போய்ப் பட்டியலிலிருந்து விழுந்துவிடலாம். சிடிடி அதுவே என்றால் அடுத்த ஒப்பந்தத்தின் சிடிடி வேறு, அசைவும் வேறு. 120ஐ விற்ற இடத்தில் 120ஐயே ரோல் செய்தால் ஹெட்ஜ் அளவு சத்தமில்லாமல் மாறியிருக்கும். எண்ணிக்கையை ரோல் ஆர்டர் போடுவதற்கு முன்பே புதிய சிடிடியை வைத்துப் போட்டுவிடுகிறேன்.