பழைய இதழ் பிடிஎஃப்: எழுத்துமாற்றியா, ஓசிஆரா?

ஒரு சிற்றிதழின் பிடிஎஃப். திரையில் கதை அழகாகத் தெரிகிறது. ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் jkpo; fijfs; என்று வந்து நிற்கிறது. கோப்பு கெட்டுப்போகவில்லை. அது "தமிழ் கதைகள்" தான், பாமினி எழுத்துருவின் கணக்கில்.

யூனிகோடு பரவுவதற்கு முன் வந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தன. பாமினியில் j என்ற இடத்தில் த, k-யில் ம, p-யில் இகரக் குறி, o-வில் ழ, அரைப்புள்ளியில் தமிழ்ப் புள்ளி. கணினியைப் பொறுத்தவரை சேமித்திருப்பது வெறும் jkpo; தான். எழுத்துரு கூட இருக்கும்வரை தமிழாகத் தெரியும், ஒட்டும்போது எழுத்துரு கழன்றுவிடும்.

மீட்க இரண்டு வழிகள். ஒட்டிய குறிகளை அட்டவணைப்படி யூனிகோடாக மாற்றும் எழுத்துமாற்றி ஒன்று. அந்தக் குறிகளை மறந்துவிட்டு, பக்கத்தைப் படமாக்கிப் படிக்கும் ஓசிஆர் மற்றொன்று. எது உங்கள் கோப்புக்கு ஒத்துவரும் என்று முதலில் எழுத்துருவைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்:

```
pdffonts ithazh.pdf
```

பட்டியலில் ABCDEF+Bamini போல ஒரு பெயர் வந்தால் எழுத்துமாற்றிக்கு வாய்ப்பு உண்டு. முன்னால் உள்ள ஆறு எழுத்துகள், தேவையான வடிவங்களை மட்டும் கோப்பில் சேர்த்திருப்பதன் அடையாளம், கவலை வேண்டாம். uni பத்தியில் yes இருந்தாலும் ஏமாற வேண்டாம், கோப்பில் உள்ள யூனிகோடு அட்டவணையே j என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். பட்டியல் காலியாக இருந்தால் பக்கங்கள் வெறும் படங்கள், ஓசிஆர் தவிர வேறு வழியில்லை. சில மென்பொருள்கள் குறிகளைத் தம் விருப்பத்துக்கு மறுஎண்ணிட்டும் விடும். "தமிழ்" என்ற சொல் jkpo; ஆக வராமல் சம்பந்தமில்லாத குறிகளாக வந்தால் அதுதான் நடந்திருக்கிறது, அப்போதும் ஓசிஆர்தான். ஆனால் à, £, ¹ மாதிரி குறிகள் மண்டிக்கிடந்தால் அது பாமினி இல்லை, திஸ்கி, டாப், டாம் போன்ற வேறொரு குறியேற்றமாக இருக்கலாம். எழுத்துமாற்றியில் அதைத் தேர்ந்து பார்க்க வேண்டும்.

சரி, இரண்டுக்கும் வாய்ப்பு இருந்தால்? என் கை எழுத்துமாற்றியின் பக்கம்தான் போகும். அது தப்பு செய்யாது என்பதால் அல்ல, அதன் தப்புகள் ஒரே மாதிரி இருப்பதால்.

ஒரு உதாரணம். பாமினியில் "வெளியே" என்பது ntspNa. ஒற்றைக் கொம்பு முதலில், பிறகு வ, ள, இகரக் குறி. "கௌரவம்" என்பது nfsutk;. ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் பாமினியில் ஒரே குறி, s. ஆக, கொம்பு, மெய், s என்று வந்தாலே ஔகாரம் என்று முடிவு கட்டும் மாற்றி, "வெளியே"-வை "வௌியே" ஆக்கிவிடும். சில எழுத்துருக்களில் நடுவே புள்ளி வட்டம் தெரியும். பலவற்றில் பார்க்கச் சரியாகவே இருக்கும், "வெளியே" என்று தேடினால்தான் கிடைக்காது. ஔகாரக் குறியை அடுத்து இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வரவே கூடாது என்பதால் பிடிப்பது எளிது. பைத்தானில் ஒரு வரி, புத்தகம் முழுதும் சரி:

```
re.sub('\u0bcc(?=[\u0bbe-\u0bcd])', '\u0bc6\u0bb3', s)
```

இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்கள்தான் இன்னொரு தொல்லை. மாற்றிக்கு எல்லாமே பாமினி. PDF என்ற சொல் "ீனுகு" ஆகிவிடும் (சிரிப்பு வரும், முதல் தடவை மட்டும்). pdftohtml -xml கொடுத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துரு எண் கிடைக்கும். பாமினித் துண்டுகளை மட்டும் மாற்றினால் போதும்.

ஓசிஆரில் இந்தச் சிக்கல்கள் எதுவும் இல்லை. எந்தக் குறியேற்றம் என்றே தெரிய வேண்டியதில்லை:

```
pdftoppm -r 300 -png ithazh.pdf pakkam
tesseract pakkam-01.png pakkam-01 -l tam+eng
```

ஆனால் அதன் பிழைகள் சிதறிக் கிடக்கும். ரகரமும் துணைக்காலும், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் அங்கங்கே மாறும், அடுத்த பக்கத்தில் அதே சொல் சரியாக வரும். "மனம்" "மணம்" ஆனால் எழுத்துப்பிழை திருத்தியும் கண்டுகொள்ளாது, இரண்டும் நல்ல சொற்கள்தானே. இரண்டு பத்தியாக அச்சான இதழில் வரிகள் கலந்துவிடவும் கூடும். திருத்த வேண்டுமானால் மூலத்தோடு ஒப்பிட்டு வரி வரியாகப் படிக்க வேண்டியதுதான்.

அதனால் மறுஎண்ணிட்ட கோப்பு கையில் வந்தால் மட்டும் இன்னொன்றைச் செய்து பார்க்கிறேன். ஒரு பக்கத்தை ஓசிஆர் செய்து கவனமாகத் திருத்தி, அதே பக்கத்தின் குழப்பக் குறிகளோடு பக்கத்தில் வைத்து எது எந்த எழுத்து என்று அட்டவணை போடுகிறேன். எழுத்துருவும் மறுஎண்ணும் கோப்பு முழுக்க ஒன்றாக இருந்தால் மீதிப் பக்கங்களுக்கு ஓசிஆர் தேவைப்படாது. பக்கத்துக்குப் பக்கம் எழுத்துரு தனித்தனியாகச் சேர்ந்திருந்தால், pdffonts அதே பெயரைப் பல தடவை காட்டும், அந்த அட்டவணை முதல் பக்கத்தோடு சரி.