தனி உரிமையாளரா, பிரைவேட் லிமிடெட்டா: லாபம் எங்கே தங்குகிறது என்பதே கணக்கு

கம்பெனிக்கு வரி 25 சதவீதம், தனிநபருக்கு 30 சதவீதம், ஆகவே கம்பெனி தொடங்குவதே லாபம் என்று பலரும் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இந்திய வருமான வரியில் இந்த ஒப்பீடு பாதி மட்டுமே சரி. கம்பெனி செலுத்தும் வரி கம்பெனியின் வரி மட்டுமே. அந்தப் பணம் நிறுவனரின் சொந்தக் கணக்குக்கு வரும்போது இன்னொரு வரி காத்திருக்கிறது. தனி உரிமையாளருக்கு இந்த இரண்டாவது வாசல் கிடையாது. தொழிலும் அவரும் ஒரே பான் எண்ணில் இருப்பதால், லாபம் வந்த அன்றே அது அவருடைய பணம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மென்பொருள் சேவை தரும் ஒருவருக்கு, தம் உழைப்புக்கு எதுவும் எடுத்துக்கொள்ளாத நிலையில், ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் லாபம் மிஞ்சுகிறது என்று கொள்வோம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி, தனி உரிமையாளராக அவர் செலுத்த வேண்டிய வரி, 4 சதவீத செஸ் உட்பட, 8,11,200 ரூபாய். மீதி முழுவதும் அவர் கையில் இருக்கும். அதை வீட்டுக்குச் செலவிட்டாலும் தொழிலில் போட்டாலும் மேற்கொண்டு வரி இல்லை.

இதே தொழிலைக் கம்பெனியாக நடத்தி, 40 லட்சத்தையும் இயக்குநர் சம்பளமாக எடுத்துக்கொண்டால், கம்பெனிக்கு லாபமே இருக்காது. சம்பளத்துக்கான 75,000 ரூபாய் நிலையான கழிவு கிடைப்பதால் அவருடைய வரி 7,87,800 ரூபாய் ஆகிறது. மிச்சம் 23,400 ரூபாய்தான். கம்பெனியின் தணிக்கைக்கும் படிவத் தாக்கலுக்கும் ஆகும் கட்டணமே பெரும்பாலும் இதை விழுங்கிவிடும்.

இப்போது சம்பளத்தை 20 லட்சமாகக் குறைத்து, மீதி 20 லட்சத்தைக் கம்பெனியிலேயே விட்டுவைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சலுகைகளை விட்டுக்கொடுத்து 22 சதவீத விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு, மேல்வரியும் செஸ்ஸும் சேர்ந்து உண்மையான விகிதம் 25.168 சதவீதம், அதன்படி கம்பெனி வரி 5,03,360 ரூபாய். சம்பளத்துக்கான வரி 1,92,400 ரூபாய். மொத்தம் 6,95,760 ரூபாய் என்பதால், தனி உரிமையாளரைவிட 1,15,440 ரூபாய் குறைவு. கம்பெனிக்கு வரி குறைவு என்று சொல்பவர்கள் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

ஆனால் கம்பெனியில் தங்கிய 14,96,640 ரூபாயை அவர் அதே ஆண்டில் டிவிடெண்டாக எடுத்தால் நிலைமை தலைகீழாகிறது. 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்குப் பங்குதாரரின் கையில், அவரவர் வரி அடுக்குப்படி வரி விதிக்கப்படுகிறது. சம்பளமும் டிவிடெண்டும் சேர்ந்து அவருடைய தனிப்பட்ட வரி 6,30,752 ரூபாயாக உயர, கம்பெனி வரியுடன் கூட்டினால் 11,34,112 ரூபாய் வருகிறது. தனி உரிமையாளர் கட்டியிருக்கக்கூடியதைவிட இது மூன்றே கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவான கூடுதல் சுமை.

ஆகவே கம்பெனியால் வரி மிச்சமாவது, எடுக்காமல் விட்டுவைக்கும் பணத்தில்தான். அதுவும் நிறுவனரின் சொந்த வருமானம் 24 லட்சத்தைத் தாண்டும் நிலையில்தான் அது கண்ணுக்குத் தெரியும். அந்த எல்லைக்கு மேல் தனிநபர் ஈட்டும் ஒவ்வொரு கூடுதல் ரூபாய்க்கும் வரி 31.2 சதவீதம், 20 முதல் 24 லட்சம் வரையிலான அடுக்கில் அது 26 சதவீதம், ஏறக்குறைய கம்பெனி விகிதமே, அதற்குக் கீழே கம்பெனி விகிதம்தான் அதிகம். 15 லட்சம் லாபம் உள்ளவர் வரிக்காகக் கம்பெனி பதிவு செய்வது, என் பார்வையில், கணக்குத் தவறு.

தனி உரிமையாளருக்கு இன்னொரு வழியும் உண்டு. குறிப்பிட்ட சில தொழில்முறைப் பணிகளில் இருப்பவர், ரொக்க வரவு ஐந்து சதவீதத்தைத் தாண்டாமல், மொத்த வரவு 75 லட்சத்துக்குள் இருந்தால், வரவில் குறைந்தது பாதியை லாபமாகக் காட்டி, விரிவான கணக்குப் புத்தகங்களும் வரித் தணிக்கையும் இல்லாமல் வரி கட்டலாம். இந்த ஊக வரி முறை கம்பெனிக்குக் கிடையாது. தொடக்க ஆண்டுகளில் நட்டம் வந்தால், தனி உரிமையாளர் அதைத் தம் வாடகை, வட்டி போன்ற பிற வருமானத்தில் அதே ஆண்டில் கழித்துக்கொள்ளலாம். சம்பளத்தில் மட்டும் கழிக்க முடியாது. கம்பெனியின் நட்டமோ கம்பெனிக்குள்ளேயே எட்டு ஆண்டுகள் காத்திருக்கும்.

சட்டக் கடமைகளில் வேறுபாடு இன்னும் பெரிது. தனி உரிமையாளருக்கு, வரவு எல்லைகளைத் தாண்டாதவரை, வருமான வரி அறிக்கையும், பதிவு பெற்றிருந்தால் ஜிஎஸ்டி அறிக்கைகளும் போதும். பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்களும் இரண்டு பங்குதாரர்களும் வேண்டும். விற்பனை ஒரு ரூபாய்கூட இல்லாவிட்டாலும் சட்டத் தணிக்கை கட்டாயம். பதிவான 30 நாட்களுக்குள் தணிக்கையாளரை நியமித்து, 180 நாட்களுக்குள் தொழில் தொடங்கியதை அறிவிக்கும் INC-20A படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்துக்குப் பின் 30 நாட்களில் நிதி அறிக்கைகளுக்கான AOC-4, 60 நாட்களில் ஆண்டறிக்கைக்கான MGT-7 அல்லது சிறு கம்பெனிக்கு MGT-7A தாக்கல் செய்ய வேண்டும்.

இவற்றைத் தவறவிட்டால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம், உச்சவரம்பு இல்லாமல் ஏறும். இரண்டு படிவங்கள் 200 நாட்கள் தாமதமானால் 40,000 ரூபாய். தொழில் படுத்துவிட்டது, கம்பெனியும் தானாக முடிந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடுபவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர் ஐந்தாண்டுத் தகுதியிழப்புக்கு ஆளாவார். 2017-இல் மத்திய அரசு இந்த விதியின்கீழ் லட்சக்கணக்கான இயக்குநர்களைத் தகுதி நீக்கம் செய்தது.

இதைவிட நுட்பமான தவறு, கம்பெனி வங்கிக் கணக்கைத் தம் பணப்பையாகப் பாவிப்பது. அவசரத்துக்கு ஐந்து லட்சம் எடுத்து, ‘இயக்குநர் கடன்’ என்று கணக்கில் எழுதிவைப்பது வழக்கம். பத்து சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை உள்ள பங்குதாரருக்குக் கம்பெனி தரும் கடன், அதன் சேர்ந்த லாபத்தின் அளவுக்கு டிவிடெண்டாகவே கருதப்பட்டு வரிக்கு உட்படும். பணத்தைப் பின்னர் திருப்பிக் கட்டினாலும் அந்த வரி போகாது. கம்பெனிச் சட்டமும் இயக்குநருக்குத் தரும் கடனைத் தனியே தடுக்கிறது. ஆண்டு முடிவில் இருப்புநிலைக் குறிப்பில் உங்கள் பெயருக்கு எதிரே பாக்கி நிற்கிறதா என்று பார்த்தால் இந்தச் சிக்கல் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பொறுப்பு வரம்பு கம்பெனியின் பெரிய பலம்தான். வாடிக்கையாளர் இழப்பீடு கோரினால் தனி உரிமையாளரின் வீடும் சேமிப்பும் ஆபத்தில் இருக்கும். பங்குதாரர் தம் பங்குத்தொகையோடு நின்றுவிடுவார். ஆனால் சிறு கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி வழக்கமாக இயக்குநரின் தனிப்பட்ட உத்தரவாதத்தையும் கேட்கும் என்பதால், வங்கிக் கடனைப் பொறுத்தவரை அந்தச் சுவர் தாழ்ந்தே இருக்கும். பங்கு கொடுத்து முதலீடு திரட்டுவதானால் பேச்சே இல்லை. தனி உரிமையாளரிடம் கொடுக்கப் பங்கு என்பதே கிடையாது.

முதலில் தனி உரிமையாளராகத் தொடங்கி, பின்னர் மாறுவதற்கும் சட்டம் இடம் தருகிறது. எல்லாச் சொத்துகளும் கடன்களும் கம்பெனிக்கு மாற்றப்பட்டு, அதற்கு ஈடாகப் பங்குகள் மட்டுமே பெறப்பட்டு, ஐந்து ஆண்டுகள் குறைந்தது 50 சதவீத வாக்குரிமை அவரிடமே இருந்தால், அந்த மாற்றத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. இரண்டாம் ஆண்டிலேயே பாதிக்கு மேல் பங்கை முதலீட்டாளருக்குக் கொடுக்க நேரும் என்று தெரிந்தவருக்கு மட்டும் இந்த நிபந்தனை உடைந்துவிடும் என்பதால், அவர் தொடக்கத்திலேயே கம்பெனியாகப் பதிவு செய்துகொள்வது நல்லது.