8 பிளை விலைக்கு 6 பிளை டயர்: பெரிய ஆட்டோ ஓட்டுபவர்கள் கவனிக்கவும்

ஷேர் ஆட்டோவாக ஓடும் பெரிய வண்டிக்குப் பின் டயர் வாங்கப் போகிறவர்கள் பில்லைப் பார்க்கும் முன் டயரைப் பாருங்கள். நான் 4.50-10 அளவில் 8 பிளை கேட்டேன், அதற்கான விலையையும் கொடுத்தேன். பில்லில் "450-10, 2 டயர்" என்று மட்டும் எழுதியிருந்தது. மாட்டி வைக்கிறோம், டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று உபசாரம் வேறு.

சில வாரங்களில் இடது பின் டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு. பஞ்சர் கடைக்காரர்தான் துடைத்துவிட்டுக் காட்டினார்: "அண்ணே, இது 6 பிளை டயர். இதில் ஆள் ஏற்றாதீர்கள்." அந்த இடத்தில் உள்ளே நைலான் இழை அறுந்துவிட்டது. ஒட்டுப் போட்டுச் சரிசெய்கிற காரியம் இல்லை. டயரை மாற்றத்தான் வேண்டும்.

பிளை எண் என்பது உள்ளே இத்தனை அடுக்குத் துணி இருக்கிறது என்ற கணக்கு அல்ல, வலிமையின் அளவு. எண் கூடினால் டயர் அதிகக் காற்றழுத்தத்தைத் தாங்கும். அதனால் அதிக எடையையும் தாங்கும். இந்த வண்டிகளில் எஞ்சினும் பயணிகளும் பின்பக்கமே இருப்பதால், பாரத்தில் பெரும்பங்கு இரண்டு பின் சக்கரங்களின் மேல்தான் விழுகிறது. வண்டிக் கையேட்டில் பின் டயருக்கு அதிகக் காற்று சொல்லியிருப்பதும் அதனால்தான்.

டயர் விற்ற கடைக்காரரிடம் போனேன். "ஐந்து பவுண்டு கூடுதலாக அடித்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது" என்றார். எத்தனை பவுண்டு, எத்தனை கிலோ என்ற உச்ச வரம்பை அந்த டயரின் பக்கச்சுவரிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். காற்றைக் கூட்டினால் அந்தக் கிலோ கூடாது. நடுப்பகுதிதான் சீக்கிரம் தேயும். பிறகு, அதிகப் பாரம் ஏற்றினீர்கள், வாரண்டி கிடையாது என்று கையை விரித்தார். பில்லில் பிளையும் இல்லை, டயரின் வரிசை எண்ணும் இல்லை. நான் எதைக் காட்டி வாதாடுவது?

காற்றைக் குறைத்தால் பயணிகளுக்குக் குலுங்காது என்று நிறுத்தத்தில் சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கிச் சூடேறி, அடுக்குகள் பிரிந்துவிடும். இரண்டு ஓரங்களும் முதலில் தேய்ந்தால் அதுதான் அறிகுறி. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது அளவு பாருங்கள். ஓடி வந்த சூட்டில் அழுத்தம் கூடியே காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் குறைந்த காற்றில்தான் ஓட்டுவீர்கள்.

புதிய டயர்களை வேறு கடையில் வாங்கினேன். மாட்டும் முன் பக்கச்சுவரில் புடைப்பெழுத்தில் பி.ஆர். என்று உள்ள பிளை எண்ணைப் படித்தேன், அளவு, பிளை, வரிசை எண் மூன்றையும் பில்லில் எழுதச் சொன்னேன். நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணையும் பாருங்கள். 2322 என்றிருந்தால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அவ்வளவு பழையதைப் புது விலைக்குத் தந்தால் வாங்காதீர்கள்.