கேப் போட்ட கடைவாய்ப் பல்: மெல்வதில் குறையில்லை, இடுக்குதான் பாடாய்ப் படுத்தியது

தண்டையார்பேட்டை நண்பன் ஒருவன் ரூட் கேனால் முடித்துவிட்டு, "வலிதான் போயிடுச்சே, இனிமே கேப் எதுக்குடா? அதுக்கு வேற தனியா காசு கேக்கறாங்க" என்று கேட்டான். எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில், உள்ளே உலோகமும் மேலே பீங்கானும் உள்ள மெட்டல் செராமிக் கேப் போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. அதையொட்டி ஒரு ரிப்பேர் வேலையும் இப்போதுதான் முடிந்தது. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கடைவாய்ப் பல்லென்றால் பெரும்பாலும் கேப் வேண்டும். சொத்தை ஏற்கெனவே பல்லைத் தின்றிருக்கும். ரூட் கேனாலுக்காக நடுவில் வேறு துளை போடுகிறார்கள். மிச்சம் நிற்பது மெல்லிய சுவர்தான். மெல்லும் அழுத்தத்தில் அது நெடுக்காகப் பிளந்து விரிசல் வேருக்குள் இறங்கிவிட்டால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. வலி போனது நரம்பை எடுத்ததால். பல்லுக்குப் பலம் வந்ததால் இல்லை.

மெல்லும் விஷயத்தில் என் கேப்பைக் குறை சொல்லவே முடியாது. முறுக்கு, நெத்திலி வறுவல், எலும்போடு கறி எதுவானாலும் அந்தப் பக்கம்தான் மெல்கிறேன். நண்டு ஓட்டை மட்டும் பல்லால் உடைப்பதில்லை, மேலே உள்ள பீங்கான் சில்லாகப் பெயரலாம்.

என் கோபமெல்லாம் கேப்புக்கும் பின்னால் இருக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள இடுக்கின் மேல்தான். போட்ட முதல் ஞாயிற்றுக்கிழமையே மட்டன் நார் போய் உட்கார்ந்தது. அப்புறம் கீரைத் தண்டு, மாங்காய் நார் என்று சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் இதே கதை. ஈறு விண்ணென்று அழுத்தும், நாரை எடுத்தால் அடங்கும். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் ரத்தம் கசிந்தது, வாடையும் வந்தது. போட்ட இடத்தில் கேட்டால், "புதுசு இல்லையா, பழகிடும்" என்றார்கள். பழகவில்லை.

காரணம் பிறகு வேறொரு மருத்துவரிடம் போனபோதுதான் தெரிந்தது. பக்கத்துப் பக்கத்துப் பற்கள் ஒன்றையொன்று இறுக்கமாகத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அந்தத் தொடுபுள்ளிதான் உணவு ஈறுக்குள் இறங்காமல் தடுக்கிறது. என் பல்லைச் செதுக்கி அளவெடுத்த பிறகு தற்காலிக கேப் போடவில்லை, லேபிலிருந்து நிஜ கேப் வரவும் தாமதமாகிவிட்டது. இடம் காலியாக இருந்தால் பக்கத்துப் பல் நகரும், எதிர்ப் பல்லும் மெல்ல இறங்கும். அளவெடுத்த நாளில் இருந்த வாய் வேறு, கேப் மாட்டிய நாளில் இருந்த வாய் வேறு. லேபில் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் குறைவாகச் செய்திருந்தாலும் இப்படி ஆகலாம்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஃபிளாஸ் நூலை இடுக்கில் இறக்கினால் லேசாகத் தடுத்து 'டக்' என்று உள்ளே போக வேண்டும். எனக்குத் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. கேப் மாட்டிய அன்று நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி உயரத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். நூல் விட்டுப் பார்க்கவே இல்லை. அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அதை நினைத்தால் இன்னும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஒட்டுவதற்கு முன்பு தெரிந்திருந்தால் லேபுக்குத் திருப்பி அனுப்பி, பக்கவாட்டில் பீங்கான் கூட்டி வாங்கியிருக்கலாம். நிரந்தர சிமெண்ட் போட்டு ஒட்டிய பிறகு பெரும்பாலும் கேப்பை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

அப்படி வெட்டாமல் நான் தப்பியதற்குக் காரணம் இன்னொரு கெடுதல். உணவு தங்கித் தங்கி, பின் பல்லின் பக்கவாட்டில் சொத்தை தொடங்கியிருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது. எப்படியும் அடைக்க வேண்டிய பல் என்பதால், சொத்தையைச் சுரண்டிவிட்டு, மெல்லிய உலோகப் பட்டையை இடுக்கில் செருகி, ஆப்பு வைத்து இறுக்கி, பல் நிற ஃபில்லிங்கைக் கேப்பைத் தொடுகிற அளவுக்குப் புடைப்பாகக் கட்டினார்கள். இப்போது நூல் தடுத்துத்தான் இறங்குகிறது. ஃபில்லிங் தேய்ந்தால் மறுபடி இடைவெளி விழலாம் என்பதால் அவ்வப்போது காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

ரிப்பேர் ஆகும்வரை நாட்களைப் பல் இடுக்கு பிரஷ்ஷால்தான் ஓட்டினேன். குச்சியும் ஊக்கும் வேண்டாம், இரண்டுமே ஈறைக் கிழித்துப் புண்ணாக்கும். ரூட் கேனால் செய்து கேப் போட்ட பல்லுக்கு நரம்பு இல்லாததால் அடியில் சொத்தை வந்தாலும் கூச்சம் காட்டாது. எனவே வலி இல்லையே என்று எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடக் கூடாது.

ஜிர்கோனியா போட்டிருந்தால் இது வந்திருக்காதா என்று நண்பன் கேட்டான். வந்திருக்கும். ஜிர்கோனியாவில் உலோகம் இல்லை, ஈறோரம் கறுப்புக் கோடு தெரியாது, அவ்வளவுதான். இடுக்கு எந்தப் பொருளிலும் விழும். செலவு கட்டாது என்றால், சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யச் சொன்னேன்.

அவன் கேப் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். என்னுடையது இன்றும் கல் மாதிரி நிற்கிறது. ஆனாலும் போட்ட இடத்தின் பெயரைக் கேட்டபோது நான் சொல்லவில்லை, அங்கே யாரையும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அளவெடுத்த அன்றே தற்காலிக கேப் கேள், நிஜ கேப்பை முதலில் தற்காலிக சிமெண்ட்டில் ஒட்ட முடியுமா என்று கேள், ஒட்டும் முன் இரண்டு பக்கமும் நூல் விட்டுக் காட்டச் சொல் என்றேன். அடுத்த வாரம் அவனுக்கு அளவெடுக்கிறார்கள்.