வகுத்துப் பார்ப்பதா, சல்லடையில் அடிப்பதா?

10 இலட்சம் வரையிலான பகா எண்களை ஒவ்வொன்றாக வகுத்துத் தேடினால், பகு எண்கள் பெரும்பாலும் விரைவில் விழுந்துவிடும். செலவு வைப்பவை பகா எண்களே. எல்லையை ஒட்டிய 999983 என்ற எண்ணைப் பகா எண் என்று உறுதிசெய்ய, 1000-க்கு உட்பட்ட 168 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தாக வேண்டும்.

எண்களை எல்லாம் அட்டவணையில் எழுதி, ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் அடித்து நீக்கும் எரடோஸ்தனீசின் சல்லடையில் வகுத்தலே இல்லை. 7-இன் முறை வரும்போது 14, 21, 28, 35, 42 ஆகியவை ஏற்கெனவே அடிபட்டிருப்பதால், நேரே 49-இல் தொடங்கி, ஏழு ஏழாகக் கூட்டிக்கொண்டே 56, 63 என அடித்துச் செல்கிறோம். பகா எண் பெரிதாகப் பெரிதாகத் தாவலும் நீள்வதால், மொத்த அடிப்புகள் ஏறத்தாழ 21 இலட்சம்தான். அதாவது எண்ணுக்குச் சராசரியாக இரண்டே.

ஆனால் சல்லடைக்கு முழு அட்டவணையும் நினைவகத்தில் வேண்டும். ஒரேயோர் எண்ணைச் சோதிக்க அதை விரிப்பது வீண். அங்கே வகுத்தலே மேல்.