ஆளுக்கு ஐந்து நிமிடமா, கேள்விப் பட்டியலா? வாரக் கூட்டம் நடத்தும் இரண்டு வழிகள்

காரைக்குடிப் பக்கத்தில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றும் வேலை நடக்கிறது. அதன் வாரக் கூட்டத்தை நடத்துவது என் பொறுப்பு. தலைமைக் கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைக்காரர், கணக்குப் பார்ப்பவர், பங்காளிகள் சார்பாக ஒரு பெரியவர், சென்னையிலிருந்து போனில் ஆர்க்கிடெக்ட் என்று எட்டுப் பேர் வருவார்கள். குழு மேலாண்மைப் படிப்பில் இரண்டு கூட்ட முறைகளை ஒப்பிட்டு எழுதச் சொன்னார்கள். இரண்டையும் இதே வளவில், இதே ஆட்களோடு நடத்தியிருக்கிறேன். இப்போது நான் பின்பற்றுவது இரண்டாவது முறையை. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதல் முறை எல்லோருக்கும் தெரிந்த சுற்று. ஆளுக்கு ஐந்து நிமிடம், போன வாரம் செய்தது, இந்த வாரம் செய்யப்போவது, தடங்கல் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். எட்டுப் பேருக்கு நாற்பது நிமிடம். மீதி இருபது நிமிடம் முடிவெடுக்க. தாளில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் முதல் இரண்டு பேரே அந்த இருபதில் பாதியைத் தின்றுவிடுவார்கள். அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி சைட்டைச் சுற்றி வந்தவர்களுக்கு முன்பே தெரிந்த சேதி. பெரிய குறை வேறு. எல்லோரும் கலந்து பேச வேண்டிய விஷயம் ஆறாவது ஆள் வாயிலிருந்து வந்தால், அதற்குள் பாதிப் பேர் மணியைப் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள்.

இரண்டாவது முறையில் அஜெண்டா கேள்விகளாக இருக்கும். "பூச்சு வேலை" என்று தலைப்பு மட்டும் எழுதினால் யார் எதைப் பேசினாலும் பொருந்தும், எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. "இரண்டாம் கட்டில் திங்கட்கிழமை பூச்சு தொடங்கலாமா, எந்த அறை முதலில்?" என்று எழுதினால் பதில் கிடைத்ததும் அந்தப் பேச்சு முடிந்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் நிமிடத்தைக் குறித்து, முதல் நாள் மாலையே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன். அறுபது நிமிடத்தை இப்படிப் பிரிப்பது வழக்கம்: போன வாரப் பொறுப்புகளைச் சரிபார்க்க 5, மூன்று கேள்விகளுக்கு 15, 12, 10, கடைசியில் பார்க்கிங் லாட்டை, அதாவது இடையில் கிளம்பும் வேறு விஷயங்களை எழுதி நிறுத்தி வைக்கும் தாளை, காலி செய்ய 10. மீதி 8 நிமிடத்துக்குப் பெயர் வைப்பதில்லை, ஏதாவது ஒரு கேள்வி எப்படியும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

நேரத்தைக் கவனிப்பவரும் கூட்டத்தை நடத்துபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பேச்சில் மூழ்கிய ஆளுக்குக் கடிகாரம் தெரியாது. எங்களிடம் கணக்குப் பார்ப்பவர்தான் நேரக் காவலர். கேள்விக்குரிய நேரத்தில் மூன்று நிமிடம் மிச்சம் இருக்கும்போது அவர் போனில் ஒரு மணி அடிக்கும், நேரம் முடியும்போது இன்னொன்று. என்னைவிட முப்பது வயது மூத்த கொத்தனார் ஐயாவை நான் பாதியில் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. போன் நிறுத்தினால் அவரே சிரித்துக்கொண்டு, "சரி, சுருக்கமாச் சொல்லிர்றேன்" என்பார். இரண்டாம் மணிக்குப் பிறகு நான் கேட்பது ஒன்றுதான்: இப்போதே முடிவெடுக்கிறோமா, வேறு கேள்வியின் நேரத்தை எடுத்து நீட்டிக்கிறோமா, இல்லை பார்க்கிங் லாட்டுக்கு அனுப்புகிறோமா? எந்தக் கேள்வியின் நேரம் பறிபோகிறது என்று வெளிப்படையாகச் சொன்னாலே பாதி நீட்டிப்புகள் வேண்டாம் என்றாகிவிடும்.

அந்தப் பார்க்கிங் லாட் எதற்கு என்று பார்ப்போம். சுவரில் ஒட்டிய ஒரு சார்ட் தாள், அவ்வளவுதான். ஒரு கேள்வியைப் பேசும்போது இடையில் கிளம்பும் வேறு விஷயங்களை அதில் எழுதி வைத்துவிட்டு, எடுத்த கேள்விக்குத் திரும்பிவிடுவது. சொன்னவரின் வார்த்தையிலேயே, அவர் பெயரோடு, அவர் கண்ணெதிரே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். அப்போது அவரும் அதை விட்டுக்கொடுத்து நடப்புக் கேள்விக்கு வருவார். "அப்புறம் பார்க்கலாம்" என்று வாயால் மட்டும் சொன்னால் ஐந்து நிமிடத்தில் அதே பேச்சு வேறு வாசல் வழியாக உள்ளே வரும்.

எதை அங்கே நிறுத்தலாம் என்பதில்தான் சாமர்த்தியம். மேலே சொன்ன பூச்சுக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். பதினைந்து நிமிடத்துக்குள் மூன்று கிளைகள் முளைத்தன. எலக்ட்ரீஷியன், "ஏசி பாயிண்ட் எங்கங்கேன்னு இன்னும் யாரும் சொல்லலையே" என்றார். பெரியவர், முகப்புத் தரையில் உடைந்த கற்களுக்குப் பதிலாகப் பழைய பூப்போட்ட மாதிரியே வேண்டும் என்றார். ஆசாரி, முகப்புத் தூண் ஒன்றின் அடியில் கரையான் தடம் தெரிகிறது என்றார்.

மூன்றுமே பேச்சை வேறு பக்கம் இழுப்பவை போலத்தான் தோன்றும். நான் வைத்திருக்கும் சோதனை இது: இந்த விஷயத்துக்கு முடிவு இல்லாமல் இன்றைய கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமா? ஏசி பாயிண்ட் தெரியாமல் பூச்சைத் தொடங்க முடியாது. செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பல பூச்சாக ஏற்றி, கடைசியில் பளபளக்கத் தேய்த்து முடிப்பது. முடித்த சுவரை வெட்டி வயர் இழுத்தால் ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்கு அப்பட்டமாகத் தெரியும். ஆக அது கிளைப்பேச்சு இல்லை, அன்றைய கேள்வியின் பாதிப் பதிலே அதுதான். போனில் இருந்த ஆர்க்கிடெக்டிடம் அங்கேயே கேட்டோம். இரண்டு அறைகளுக்கு மட்டும் இடம் உறுதியாக இருந்தது. அந்த இரண்டிலும் வயர் குழாய் பதித்து முடித்ததும் பூச்சு, மற்றவை அடுத்த வாரம் என்று முடிவானது. கரையான் விஷயத்தில் இன்னொரு சோதனை: இதைத் தள்ளிப்போட்டால் யாருக்காவது அடிபடுமா? மேல் உத்தரத்தைத் தாங்கும் தூண் அது. அதைச் சார்ட்டில் எழுதவே இல்லை. கூட்டம் முடிந்ததும் ஆசாரியும் நானும் நேராகத் தூணுக்குப் போய்ப் பார்ப்பது என்று முடிவு.

தரைக்கல் மட்டும்தான் சார்ட்டுக்குப் போனது. பூச்சு முடிந்த பிறகுதான் தரை வேலை, அதனால் அன்று முடிவு தேவையில்லை. அதோடு, மற்றப் பங்காளிகளைக் கேட்காமல் பெரியவர் தனியாகச் சொல்லிவிடவும் முடியாது. முடிவெடுக்க வேண்டியவர்கள் அறையில் இல்லாத விஷயம் பார்க்கிங் லாட்டுக்கு மிகப் பொருத்தமானது.

இரண்டு முறைகளில் எதை எடுப்பது என்று என்னைத் தீர்மானிக்க வைத்தது இந்தச் சார்ட்டின் பராமரிப்புதான். அஜெண்டா, மணி எல்லாம் ஒரே வாரத்தில் பழகிவிடும். சார்ட்டைக் காலி செய்யும் வேலையோ ஒவ்வொரு வாரமும் இருக்கிறது. அதைச் செய்யாத குழுவுக்குச் சுற்று முறையே நல்லது என்பேன். காலி செய்யாத பார்க்கிங் லாட் சுற்று முறையைவிட மோசமானது. சுற்றில் ஒருவர் சொன்னது காற்றில் போகும், அவ்வளவுதான். இங்கே அவர் சொன்னது அவர் பெயரோடு சுவரில் தொங்கிக்கொண்டே இருக்கும், யாரும் தொடாமல். பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபம்தான் வரும்.

அதனால் கடைசிப் பத்து நிமிடத்தை எந்தக் கேள்விக்கும் கடன் கொடுப்பதில்லை. நேரம் போனால் மூன்றாவது கேள்வியையே அடுத்த வாரத்துக்குத் தள்ளுவேன். சார்ட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் மூன்றில் ஒரு வழியாக வெளியேற வேண்டும். ஒன்று, அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் கேள்வியாகப் போகும். அல்லது, சம்பந்தப்பட்ட இரண்டு மூன்று பேர் தனியாகப் பேசி முடிப்பார்கள். இரண்டும் இல்லையென்றால், சொன்னவரைக் கேட்டு, அவர் சம்மதத்தோடு அடித்துவிடலாம். முதல் இரண்டு வழிக்கும் ஒரே ஒரு பெயரும் ஒரு தேதியும் வேண்டும். "எல்லோரும் யோசித்து வாருங்கள்" என்பது பெயர் அல்ல.

தேதியைக் குத்துமதிப்பாகப் போட்டால் பயன் இல்லை. வேலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். தரைக்கல்லைப் பதிக்கும் வேலை ஆறு வாரம் தள்ளி இருந்தது. ஆத்தங்குடிக் கல் கையால் செய்வது: கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, நீரில் ஊறவைத்து, காயவைத்து எடுக்க வேண்டும், அவசரப்படுத்த முடியாது. இந்த மாதிரிக்கு நான்கு வாரம் வேண்டும் என்றார் பட்டறைக்காரர். ஆறில் நான்கு போனால் முடிவெடுக்க இரண்டு வாரம்தான் மிச்சம். ஆக முதல் வார வெள்ளிக்கிழமைக்குள் பெரியவர் மற்றப் பங்காளிகளைக் கேட்டுவிட வேண்டும், பட்டறைக்காரர் அதற்குள் ஒரு மாதிரிக் கல் கொடுக்க வேண்டும், அதற்கடுத்த கூட்டத்தில் அது பத்து நிமிடக் கேள்வி. அவசரமில்லை என்று நிறுத்திய விஷயம், தேதியைக் கணக்குப் போட்டதும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்று தெரிந்தது.

பராமரிப்பு கெடுகிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. ஒரே வரியை மூன்றாவது வாரமும் புதுச் சார்ட்டில் எடுத்து எழுதுகிறீர்கள் என்றால், அதை அஜெண்டாவில் ஏற்றவோ அடிக்கவோ யாருக்கும் தைரியம் இல்லை என்று அர்த்தம். இரண்டாவது தடவையோடு முடித்துவிடுவது எங்கள் வழக்கம். யாராவது நக்கலாக, "அதையும் சுவத்துல எழுதிப் போடுங்க" என்றால் இன்னும் மோசம். சார்ட், ஆளை வாயடைக்கும் கருவியாகிவிட்டது. அதற்கும் அடுத்த நிலை, கிளைப்பேச்சே வராமல் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருப்பது. கூட்டம் சீக்கிரம் முடியும். பிரச்சினைகள் டீக்கடையில் பேசப்படும்.

பின்தொடர்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அன்று மாலையே குழுவில் ஒரு செய்தி: எடுத்த முடிவுகள், யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது, சார்ட்டின் போட்டோ. யார் என்ன பேசினார்கள் என்ற நீண்ட குறிப்பை யாரும் படிப்பதில்லை. கொத்தனார் ஐயாவுக்கும் ஆசாரிக்கும் அவர்கள் பங்கை மட்டும் அரை நிமிட வாய்ஸ் மெசேஜாக அனுப்புவேன். வார நடுவில், தேதி நெருங்கியவர்களுக்கு மட்டும் ஒரு போன். அடுத்த கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு பொறுப்புக்கும் "முடிந்தது" அல்லது "முடியவில்லை, புதுத் தேதி இது" என்பதே பதில். காரணத்தைப் பேச ஆரம்பித்தால் அதுவும் சார்ட்டுக்குத்தான்.

சுற்று முறைக்கும் இடம் உண்டு. வேலை தொடங்கிய புதிதில், யாருக்கு யார் என்றே தெரியாதபோது நான் அதைத்தான் வைத்தேன். வாயே திறக்காத பிளம்பர் தம்பி பேசியது அங்கேதான். இப்போதும் தினமும் காலையில் சைட்டில் நான்கு பேர் நின்றபடியே பேசுவது சுற்றுதான், அதற்கு அஜெண்டா போட்டால் கேலியாக இருக்கும். பாதிப் பேர் போனில் இருக்கும் கூட்டத்தில் சுவர்ச் சார்ட் எவ்வளவு வேலை செய்யும் என்பதில் மட்டும் எனக்கு உறுதி இல்லை. எங்கள் ஆர்க்கிடெக்ட் ஒருவருக்காக ஒவ்வொரு வரியையும் எழுதியதும் போட்டோ எடுத்து அனுப்புகிறோம். அவர் பார்த்துவிட்டாரா என்று அடிக்கடி கேட்க வேண்டியிருக்கிறது.